54,000 ரூபாய் எதற்காகக் குறைந்தது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு இயந்திரப் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் வேலை. கட்டடம் இரண்டரைக் கோடி, சி.என்.சி. இயந்திரங்கள் ஆறு கோடி, மூலப்பொருளும் முடித்த சரக்கும் ஒன்றரைக் கோடி. ஆக 10 கோடி ரூபாய்க்குக் காப்பீடு. பாலிசி புதுப்பிக்கும் மாதம் வந்ததும் புரோக்கர் இரண்டு கொட்டேஷன் அனுப்புகிறார். முதல் நிறுவனம் பிரீமியமாக 1,42,000 ரூபாய் கேட்கிறது. இரண்டாவது 1,96,000 கேட்கிறது. இரண்டிலும் ஜி.எஸ்.டி. தனி. காப்பீட்டுத் தொகை இரண்டிலும் அதே 10 கோடி. தீ, புயல், வெள்ளம், திருட்டு என்று தலைப்புகளும் அப்படியே ஒத்துப்போகின்றன. தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை. ஆனால் இப்படிப்பட்ட இரண்டு தாள்கள் தமிழ்நாட்டின் எந்தத் தொழிற்பேட்டையிலும் யாரோ ஒருவர் மேஜையில் இன்றைக்கும் கிடக்கும்.

பெரும்பாலான முதலாளிகள் இந்த இடத்தில் புரோக்கருக்கு போன் செய்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டாவது ஆளை இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க சார்." கேட்டிருக்க வேண்டியது வேறு. அதே பட்டறைக்கு, அதே தொகைக்கு, முதல் நிறுவனம் 54,000 ரூபாய் குறைவாக வாங்கச் சம்மதிக்கிறது என்றால், எதையோ தன் தோளிலிருந்து இறக்கி முதலாளியின் தோளில் வைத்திருக்கிறது. அது எது, எவ்வளவு கனம் என்பது கொட்டேஷனின் முதல் பக்கத்தில் இருக்காது.

இந்தப் பட்டறையின் இரண்டு தாள்களையும் கடைசிப் பக்கம் வரை புரட்டினால் வித்தியாசம் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது. முதலாவது டிடக்டபிள், பழைய ஆட்கள் எக்ஸஸ் என்பார்கள். ஒவ்வொரு நஷ்டத்திலும் முதலில் நம் கையிலிருந்து போகும் பங்கு இது. அடுத்தது சப்-லிமிட். பாலிசி 10 கோடிக்கு இருந்தாலும் குறிப்பிட்ட வகை நஷ்டத்துக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்ற உள்வரம்பு. கடைசியாக விலக்குகள், அதாவது எக்ஸ்க்ளூஷன்கள். இவற்றில் அகப்பட்ட நஷ்டத்துக்கு ஒரு ரூபாயும் வராது.

டிடக்டபிளை எடுத்துக்கொள்வோம். முதல் கொட்டேஷனில் வெள்ளம், புயல் முதலியவற்றுக்கு "1%" என்று இருக்கிறது. இரண்டாவதில் "5%, குறைந்தபட்சம் 25,000 ரூபாய்" என்று இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவதே நல்லது என்று தோன்றும். ஒன்று ஐந்தைவிடச் சிறியதுதானே. ஆனால் சதவீதத்தைப் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எதன் சதவீதம் என்பதை. இரண்டாவது தாளில் இருப்பது க்ளெய்ம் தொகையில் 5%. முதல் தாளில் இருப்பது அந்த இடத்தின் மொத்தக் காப்பீட்டுத் தொகையில் 1%. 10 கோடியில் ஒரு சதவீதம் 10 லட்சம். மழைநீர் புகுந்து 6 லட்சம் ரூபாய்க்குச் சேதமானால் முதல் பாலிசியில் பைசா வராது. முழு 6 லட்சமும் டிடக்டபிளுக்குள் அடங்கிவிட்டது. இரண்டாவது பாலிசியில் 30,000 போக 5,70,000 ரூபாய் கிடைக்கும். "அந்த இடத்தின் காப்பீட்டுத் தொகையில்" என்கிற நான்கு சொற்கள் பல கொட்டேஷன்களில் அடிக்குறிப்பில்தான் வரும். சிலவற்றில் அடிக்குறிப்பிலும் இராது, பாலிசி அச்சாகி வந்த பிறகே கண்ணில் படும்.

சப்-லிமிட்டுக்கு வருவோம். புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல் ஆகியவற்றைத் தொழிலில் சேர்த்து எஸ்.டி.எஃப்.ஐ. என்பார்கள். முதல் தாளில் எஸ்.டி.எஃப்.ஐ. வரம்பு 50 லட்சம். இரண்டாவதில் வரம்பே இல்லை, முழுக் காப்பீட்டுத் தொகை வரைக்கும் உண்டு. இந்த 50 லட்சம் என்ற எண்ணுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கேள்விகள் உட்கார்ந்திருக்கின்றன. அது ஒவ்வொரு வெள்ளத்துக்குமா, வருடம் முழுமைக்கும் சேர்த்தா? அக்டோபர் மழையில் 30 லட்சம் வாங்கிவிட்டால் டிசம்பர் புயலுக்கு 20 லட்சம்தான் மிச்சமா? அடுத்தது, டிடக்டபிளை நஷ்டத்திலிருந்து கழித்துவிட்டு வரம்பைப் பார்ப்பார்களா, அல்லது வரம்புக்கு வெட்டிவிட்டு அதிலிருந்து டிடக்டபிளைக் கழிப்பார்களா? கணக்கு வாத்தியார் கேட்கிற கேள்வி மாதிரி இருக்கும். இதன் விலை எவ்வளவு என்று சற்று நேரத்தில் பார்ப்போம்.

விலக்குகளில்தான் அதிக வேலை. காரணம், "விலக்குகள்" என்ற தலைப்பின் கீழ் மட்டும் அவை இருப்பதில்லை. இந்தப் பட்டறையின் முதல் தாளில் விலக்குப் பட்டியல் சின்னதுதான். ஆனால் "வாரண்டிகள்" என்ற தலைப்பில் ஒரு வரி: சரக்கு எல்லாம் தரையிலிருந்து குறைந்தது ஆறு அங்குல உயரத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது மரப் பலகை மேலோ அலமாரியிலோ இருந்தால்தான் தண்ணீர் சேதத்துக்குப் பணம். பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் உருக்குக் கம்பிகளும் கடைந்து முடித்த பாகங்கள் நிறைந்த தொட்டிகளும் நேரே சிமெண்ட் தரையில் இருக்கின்றன. பெயர் வாரண்டி; செய்கிற வேலை விலக்கின் வேலை.

இரண்டாவது தாளில் அந்த வாரண்டி கிடையாது. ஆனால் அங்கே மின்சார விலக்கு முழுதாக இருக்கிறது. தீ விபத்துப் பாலிசிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் விலக்குதான்: ஷார்ட் சர்க்யூட், அதிக மின்னழுத்தம், தானாகச் சூடேறுதல் போன்றவற்றால் எந்த மின்சாதனத்தில் கோளாறு உண்டானதோ, அந்தச் சாதனத்துக்கு மட்டும் பணம் கிடையாது. அங்கிருந்து தீ பரவி பக்கத்து இயந்திரம் எரிந்தால் அதற்கு உண்டு. முதல் நிறுவனம் தன் பேக்கேஜில் இந்த விலக்கைத் தளர்த்தி, மின் சேதத்துக்கு 10 லட்சம் வரைக்கும் கொடுக்கிறது. அதற்கு டிடக்டபிள் 25,000. மின்னழுத்த ஏற்றத்தில் ஒரு சி.என்.சி. இயந்திரத்தின் டிரைவ் எரிந்து மூன்றரை லட்சம் செலவானால், குறைந்த விலைப் பாலிசி 3,25,000 ரூபாய் கொடுக்கும். அதிக விலைப் பாலிசி ஒன்றும் கொடுக்காது. இயந்திரப் பட்டறை நடத்துகிறவர்களைக் கேளுங்கள், டிரைவ் எரிவது வெள்ளத்தைவிட அடிக்கடி நடக்கிற சமாச்சாரம் என்பார்கள். அதனால் விலை கூடினது எல்லாம் நல்ல பாலிசி என்று நினைப்பதும் தப்பு.

இப்போது பெரிய கணக்கு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தொழிற்பகுதிகள் தண்ணீரில் நின்றன. அதே மாதிரி ஒரு டிசம்பரில் இந்தப் பட்டறைக்குள் இரண்டரை அடி தண்ணீர் வந்து மூன்று நாள் வடியாமல் நிற்கிறது. இயந்திரங்களின் கீழ்ப்பகுதியில் இருக்கும் மோட்டார்கள், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் என்று 60 லட்சம் சேதம். சரக்கில் 20 லட்சம். சர்வேயர் மொத்தம் 80 லட்சம் என்று மதிப்பிடுகிறார். தேய்மானம், கழிவு மதிப்பு இவற்றையெல்லாம் எளிமைக்காக ஒதுக்கிவைப்போம்.

இரண்டாவது பாலிசியில் கணக்கு ஒரே வரி. 80 லட்சத்தில் 5% என்பது 4 லட்சம். 76 லட்சம் கைக்கு வரும். முதல் பாலிசியில், தரையில் கிடந்த 8 லட்ச ரூபாய் சரக்கை ஆறு அங்குல வாரண்டி தூக்கிக்கொண்டு போகிறது. மிச்சம் 72 லட்சம். இதிலிருந்து டிடக்டபிள் 10 லட்சத்தைக் கழித்தால் 62 லட்சம். வரம்பு 50 லட்சம் என்பதால் கிடைப்பது 50 லட்சம். நிறுவனத்தின் வழக்கம் முதலில் வரம்பு, பிறகு டிடக்டபிள் என்று இருந்தால், 72 லட்சம் 50 லட்சமாக வெட்டப்பட்டு, அதிலிருந்து 10 போய், 40 லட்சம்தான். கழித்தலின் வரிசை மாறியதற்கு மட்டும் 10 லட்சம் ரூபாய். 54,000 மிச்சம் பிடித்தவருக்கு 26 லட்சமோ 36 லட்சமோ குறைகிறது.

இந்தக் கணக்கை முதலாளி தானே போட முடியாது என்றில்லை. ஆனால் போட வேண்டியவர் புரோக்கர். ஏஜென்ட் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் விற்கிறவர். புரோக்கர் வாடிக்கையாளரின் சார்பில் சந்தையில் பேசுகிறவர். கமிஷன் நிறுவனத்திடமிருந்து வந்தாலும் சட்டப்படி அவர் நம் ஆள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2018இல் கொண்டுவந்த புரோக்கர் விதிமுறைகளில் ஒரு நடத்தை நெறி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பாலிசிகளிலிருந்து தேர்வு செய்யும் நிலையில் விலை, பாதுகாப்பு, சேவை ஆகியவற்றை ஒப்பிட்டுக் காட்டுவது, ஏன் இதைப் பரிந்துரைக்கிறார் என்று விளக்குவது, கட்டுப்பாடுகளையும் விலக்குகளையும் வாடிக்கையாளரின் கவனத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் அதில் அவருடைய கடமைகள். வாடிக்கையாளர் கேட்டால் கமிஷன் விகிதத்தையும் சொல்ல வேண்டும். ஆகவே விளக்கம் கேட்பது புரோக்கரைச் சந்தேகப்படுவதாகாது. சிலர் அப்படித்தான் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

புரோக்கருக்கும் இரண்டு பக்க இழுப்பு உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பிரீமியம் கூடினால் கமிஷனும் கூடும். அதே சமயம், விலை குறைவாகக் காட்டாவிட்டால் பக்கத்துத் தெரு புரோக்கர் வாடிக்கையாளரைத் தட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயமும் இருக்கும். என் அனுபவத்தில் இரண்டாவது இழுப்புதான் பலமானது. "கிட்டத்தட்ட ரெண்டும் ஒண்ணுதான் சார், கம்மியா இருக்கிறதையே போட்டுடலாம்" என்ற பதில் அங்கிருந்துதான் பிறக்கிறது. "க்ளெய்ம் வந்தா நான் பாத்துக்கிறேன்" என்பது அதன் தம்பி. க்ளெய்ம் வரும் நாளில் சர்வேயர் பார்ப்பது புரோக்கரின் முகத்தை அல்ல, அச்சிட்ட வாசகத்தை.

கேள்விகளைப் போனில் கேட்காமல் எழுத்தில் அனுப்புவதே முறை. நீளமாக எழுத வேண்டாம். இந்தப் பட்டறைக்காரர் அனுப்பக்கூடிய மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். இரண்டு கொட்டேஷனும் கிடைத்தன, நன்றி. முடிவு செய்வதற்கு முன் சில விளக்கங்கள் வேண்டும். முதல் கொட்டேஷனில் வெள்ளத்துக்கான 1% டிடக்டபிள் க்ளெய்ம் தொகையிலா, காப்பீட்டுத் தொகையிலா? எஸ்.டி.எஃப்.ஐ. வரம்பு 50 லட்சம் ஒரு சம்பவத்துக்கா, வருடத்துக்கா? டிடக்டபிளைக் கழிப்பது வரம்புக்கு முன்பா, பின்பா? ஆறு அங்குல வாரண்டி எங்கள் சரக்கு முழுவதற்கும் பொருந்துமா? எங்களிடம் சரக்கு இப்போது தரையில்தான் இருக்கிறது. இரண்டாவது கொட்டேஷனில் மின் சேத விலக்கை நீக்க எவ்வளவு கூடுதல் பிரீமியம்? இரண்டு நிறுவனங்களுக்கும் எங்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய விவரத் தாளின் நகலும், இரண்டு பாலிசிகளின் முழு வாசகமும் வேண்டும். 80 லட்ச ரூபாய் வெள்ள நஷ்டம், மூன்றரை லட்ச ரூபாய் மின் நஷ்டம் இரண்டுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எவ்வளவு கொடுக்கும் என்று கணக்கிட்டு, நிறுவனத்தின் உறுதியோடு அனுப்பவும்."

கடைசி வாக்கியத்துக்குத்தான் மதிப்பு அதிகம். "பொதுவாகக் கிடைக்கும்", "வழக்கமான டிடக்டபிள்தான்" என்று வார்த்தைகளில் மழுப்ப முடியும். எண்ணில் மழுப்புவது கடினம். "நிறுவனத்தின் உறுதியோடு" என்பதும் தேவை. புரோக்கர் தன் புரிதலை எழுதி அனுப்பினால் அது காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. பிரீமியத்தையும் நிபந்தனையையும் தீர்மானிக்கிற அதிகாரி அண்டர்ரைட்டர். அவரிடமிருந்து வந்த மின்னஞ்சலைப் புரோக்கர் இணைத்து அனுப்ப வேண்டும்.

பதில் வரும்போது, வித்தியாசம் ஏன் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான காரணங்கள் கிடைக்கும். ஒன்று நிறுவனத்தின் நிலைமை. ஒரே பின்கோடில் ஏற்கனவே நிறையப் பாலிசிகளை எழுதிவிட்ட நிறுவனம், ஒரே மழையில் அத்தனைக்கும் சேர்த்துக் கொடுக்க நேரிடும் என்று அஞ்சி வெள்ள வரம்பைச் சுருக்கும். அந்தப் பகுதியில் அவ்வளவாகப் பாலிசி இல்லாத நிறுவனம் தாராளமாக இருக்கும். இதில் நம் பட்டறையின் குற்றம் எதுவும் இல்லை. பேசிப் பார்க்க இடமும் இருக்கிறது.

இரண்டாவது காரணத்தில்தான் ஆபத்து. இரண்டு நிறுவனங்களும் ஒரே தகவலைப் பார்த்து விலை சொன்னார்களா? நம் பட்டறைக்கு 2023இல் மிக்ஜாம் மழையில் 11 லட்ச ரூபாய் க்ளெய்ம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தது முதல் நிறுவனம். அதனால்தான் வெள்ளம் என்றதும் அது அரண் போட்டுக்கொள்கிறது. தீயைப் பற்றி அதற்குப் பெரிய பயமில்லை, ஆகவே விலையைக் குறைக்க முடிகிறது. இரண்டாவது நிறுவனத்துக்குப் போன விவரத் தாளை வாங்கிப் பார்த்தால், "கடந்த மூன்று ஆண்டு க்ளெய்ம்" என்ற கட்டத்தில் "இல்லை" என்று இருக்கிறது. புரோக்கர் அலுவலகத்தில் யாரோ பழைய தாளைப் பிரதி எடுத்திருக்கலாம். வேண்டுமென்றே விட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும், அந்தத் தாராளமான கொட்டேஷன் ஒரு தவறான தகவலின் மேல் நிற்கிறது. அடுத்த வெள்ளத்தில் சர்வேயர் பழைய க்ளெய்மைக் கண்டுபிடித்தால், முக்கியமான தகவலை மறைத்ததாகச் சொல்லி நிறுவனம் மொத்தமாகக் கையை விரிக்க முடியும். 76 லட்சம் என்று நாம் போட்ட கணக்கு அப்போது பூஜ்யம்.

ஆகவே விவரத் தாளின் நகலைக் கேட்பதைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். கட்டடத்தின் வயது, கூரை வகை, தரைத்தளமா அடித்தளமா, பக்கத்தில் கால்வாய் உண்டா, பழைய க்ளெய்ம் என்ன, இவையெல்லாம் இரண்டு தாளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். அவை ஒன்றாக இல்லாவிட்டால் மற்ற ஒப்பீடு எதற்கும் அர்த்தமில்லை.

அடித்தளம் என்றதும் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் என்ற நிறுவனம் 2012இல் தன் கடைக்கு டாடா ஏ.ஐ.ஜி. நிறுவனத்திடம் தீ விபத்துப் பாலிசி எடுத்தது. கடை இருந்ததே அடித்தளத்தில்தான். பாலிசியில் அடித்தளத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கு இருந்தது. தீப்பிடித்தது, விலக்கைக் காட்டி க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் ஆட்கள் கடையைப் பார்த்திருந்தார்கள், அது அடித்தளம் என்பது தெரிந்தே பாலிசி கொடுத்தார்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது: ஒப்பந்தத்தின் அடிப்படை நோக்கத்தையே அழிக்கிற, வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லப்படாத விலக்கை நிறுவனம் பயன்படுத்திக்கொள்ள முடியாது என்று. சட்டம் வாடிக்கையாளருக்குத் துணை நிற்கிறது என்று இதை மேற்கோள் காட்டுவார்கள், சரிதான். ஆனால் பாலிசிக்கும் தீர்ப்புக்கும் நடுவே பத்து வருடம். புரோக்கருக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தால், "கடை அடித்தளத்தில் இருக்கிறது, இந்த விலக்கு எங்களுக்குப் பொருந்துமா?" என்பதற்கு ஒரு வாரத்தில் பதில் வந்திருக்கும்.

ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவுகோலும் இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மூன்று தரப்படுத்தப்பட்ட பாலிசிகளைக் கொண்டுவந்தது. அவற்றில் பாரத் லகு உத்யம் சுரக்ஷா என்பது, ஒரே இடத்தில் 5 கோடிக்கு மேல் 50 கோடி வரைக்கும் சொத்துள்ள தொழில்களுக்கானது. நம் பட்டறை இதற்குள் வருகிறது. இதன் வாசகம் எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் ஒன்றுதான். காப்பீட்டுத் தொகையைச் சற்றுக் குறைத்துப் போட்டிருந்தாலும், குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் அதற்காக க்ளெய்மை வெட்டுவதில்லை என்பது இதில் உள்ள நல்ல அம்சம். நிறுவனங்களின் சொந்தப் பேக்கேஜ்கள் சில இடங்களில் இதைவிட அகலமாகவும் சில இடங்களில் குறுகலாகவும் இருக்கும். "லகு உத்யம் வாசகத்தோடு வைத்துப் பார்த்தால், இந்த இரண்டு கொட்டேஷனிலும் எது கூடுதல், எது குறைவு?" என்று கேட்டால் புரோக்கரின் பதிலுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும், லகு உத்யம் பாலிசிக்கே மூன்றாவது விலையும் வாங்கித் தரச் சொல்லலாம்.

விளக்கம் வாங்குவதோடு வேலை முடிவதில்லை. எது எதற்காகக் குறைந்தது என்று தெரிந்துவிட்டால், அதை வைத்துப் பேரம் பேசலாம். அதற்கு முன் ஒரு கணக்கு உள்ளுக்குள் போட வேண்டும்: நம் இடத்தில் நடக்கக்கூடிய மோசமான வெள்ளம் எவ்வளவு நஷ்டம் உண்டாக்கும்? 10 கோடியும் தண்ணீரில் போகாது. கட்டடம் ஊறிப்போய்ச் சுவர்ப்பூச்சு உதிரும், இடிந்துவிடாது. மேல் அலமாரிச் சரக்கு தப்பும். நாலடி தண்ணீர் வந்தால் எந்தெந்த இயந்திரத்தின் எந்தப் பகுதி நனையும் என்று மெயின்டனன்ஸ் ஆளோடு தளத்தில் நடந்து பார்த்து, பட்டறைக்காரர் 1.6 கோடி என்ற தொகைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 50 லட்ச வரம்பு நிச்சயமாகப் போதாது. ஆனால் 10 கோடி வரம்புக்கும் அவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2 கோடி போதும்.

இந்த எண்ணோடு புரோக்கர் இரண்டு பக்கமும் போகிறார். இரண்டாவது நிறுவனத்துக்குப் பழைய க்ளெய்ம் விவரம் முறையாகத் தெரிவிக்கப்படுகிறது. அது பிரீமியத்தை 2,10,000 ஆக்குகிறது, வெள்ள டிடக்டபிளின் குறைந்தபட்சத்தை ஒரு லட்சமாக உயர்த்துகிறது. மின் சேதத்தைச் சேர்க்க இன்னும் 14,000 கேட்கிறது. மொத்தம் 2,24,000. முதல் நிறுவனம் டிடக்டபிளை க்ளெய்மில் 5%, குறைந்தது இரண்டு லட்சம் என்று மாற்றவும், வெள்ள வரம்பை 2 கோடியாக்கவும், டிடக்டபிளைக் கழித்த பிறகே வரம்பைப் பார்க்கவும் ஒப்புக்கொள்கிறது. ஆறு அங்குல வாரண்டி போகாது. ஆனால் பலகை அடித்து முடிக்க 30 நாள் அவகாசமும், அதுவரை வாரண்டி செயல்படாது என்ற வாசகமும் கிடைக்கிறது. விலை 1,83,000.

முன்பு ஆபத்தானதாகத் தெரிந்த முதல் கொட்டேஷன் இப்போது இந்தப் பட்டறைக்குப் பொருத்தமானது. 80 லட்ச வெள்ளக் கணக்கை மறுபடி போட்டால், பலகை அடித்து முடித்த நிலையில், டிடக்டபிள் 4 லட்சம் போக 76 லட்சம் அதுவும் கொடுக்கும். டிரைவ் எரிந்தாலும் கொடுக்கும். இரண்டாவதைவிட 41,000 ரூபாய் குறைவு. அதில் ஒரு பகுதி மரப் பலகைக்குப் போகும். எல்லாப் பேச்சுவார்த்தையும் இவ்வளவு சுமுகமாக முடியும் என்று சொல்ல வரவில்லை. கடலோரத்திலோ ஏரிக்கரையிலோ இருக்கும் கிடங்குக்கு எந்த நிறுவனமும் வரம்பை ஏற்றிக் கொடுக்காமல் போகலாம். அப்போதும் அந்தப் பள்ளம் எத்தனை லட்சம் ஆழம் என்பது தெரிந்திருந்தால், வங்கியில் அவ்வளவு கையிருப்பு வைக்கலாம், அல்லது இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சுவரில் உயர்த்திப் பொருத்தலாம்.

பேரம் முடிந்ததும் இரண்டு காரியம் பாக்கி. பிரீமியம் நிறுவனத்தின் கணக்கில் போய்ச் சேரும் வரை பாதுகாப்பு தொடங்காது. காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு அப்படித்தான் சொல்கிறது. விளக்கம் கேட்டுக் கேட்டுப் பழைய பாலிசி முடியும் தேதியைத் தாண்டிவிடக் கூடாது. ஒரு மாதம் முன்னதாகவே கொட்டேஷன் வாங்கத் தொடங்குவது அதற்காகத்தான். அடுத்தது, பாலிசி கைக்கு வந்ததும் அதன் ஷெட்யூலைத் திருத்திய கொட்டேஷனோடு வைத்துப் பார்ப்பது. பேரத்தில் மாறிய நிபந்தனைகள் பழைய டெம்ப்ளேட்டிலேயே அச்சாகி வருவது அபூர்வம் அல்ல. டிடக்டபிள் வரியில் "காப்பீட்டுத் தொகையில் 1%" என்றே மறுபடி வந்திருந்தால், அண்டர்ரைட்டரின் மின்னஞ்சலை இணைத்து அன்றைக்கே புரோக்கருக்கு எழுதி, திருத்த எண்டார்ஸ்மெண்ட் கேட்டு வாங்க வேண்டும். அதை வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாங்கிக் கோப்பில் வைத்துவிட வேண்டும்.